காலையில் கெட்டி, மத்தியானம் தண்ணி: ஒரு சப்போட்டா ஷேக்கின் கணக்கு

பொள்ளாச்சியிலிருந்து உடுமலை போகும் ரோட்டில் ஒரு பேக்கரி. டீ, பப்ஸ், தேங்காய் பன் தவிர, வெயில் காலத்தில் மில்க் ஷேக் நன்றாக ஓடும் கடை. சப்போட்டா ஷேக்தான் அங்கே அதிகம் விற்பது. சித்திரை வெயில் ஏறியதும் புகார் வர ஆரம்பித்தது. கெட்டியாக இல்லை, பார்சல் வாங்கிப் போனால் வீடு போய்ச் சேர்வதற்குள் தண்ணீர் தனியாக நிற்கிறது, மேலே நுரை மட்டும் மிதக்கிறது என்று.

கடைக்காரர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னது இதுதான்: "காத்தால பத்து மணிக்குப் போட்டா கெட்டியா வருதுங்க. அதே மாஸ்டர், அதே அளவு, மத்தியானம் ரெண்டு மணிக்குப் போட்டா தண்ணியாட்டம் இருக்குதுங்க. பழந்தான் சரியில்லையாட்ட இருக்குது."

பழத்தின் மேல் பழி போடுவது எளிது. ஆனால் அவர் சொன்னதிலேயே அதற்குப் பதில் இருக்கிறது. காலையில் கெட்டியாக வந்த அதே கூடைப் பழம் நாலு மணி நேரத்தில் தண்ணீர்ப் பழமாக மாறிவிடாது. அளவும் மாறவில்லை, ஆளும் மாறவில்லை. காலைக்கும் மத்தியானத்துக்கும் நடுவில் மாறியது ஒன்றுதான், சூடு. ஐஸ்கிரீம் ஆலையில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்த பழக்கத்தில், நான் போகும்போது எடுத்துப் போனவை ஒரு சின்ன எடை மெஷின், கம்பி போலக் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று. இரண்டும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பொருட்கள். ஷேக் விற்கும் எந்தக் கடையிலும் இவை இரண்டும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கெட்டி எங்கிருந்து வருகிறது

ஷேக்கின் கெட்டித்தன்மை இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. ஒன்று, பாலிலும் ஐஸ்கிரீமிலும் பழத்திலும் உள்ள திடப்பொருள்: கொழுப்பு, புரதம், சர்க்கரை, பழத்தின் சதை. இன்னொன்று, கரையாமல் மிச்சமிருக்கும் மிக நுண்ணிய பனித்துகள்கள். நாக்குக்குத் தனியாகத் தெரியாத அளவு சின்னதாக, திரவம் முழுக்கப் பரவி நிற்கும் இந்தத் துகள்கள்தான் உறிஞ்சும்போது ஸ்ட்ராவில் ஒரு எதிர்ப்பைக் கொடுக்கின்றன. அவை உருகிவிட்டால் எவ்வளவு நல்ல பாலைப் போட்டிருந்தாலும் குளிர்ந்த பழப் பால்தான் மிஞ்சும். அதுவும் ருசியான பானம்தான், ஆனால் ஷேக் என்று காசு கொடுத்தவர் எதிர்பார்ப்பது அதை இல்லை.

அதனால் ஷேக் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க முதலில் நான் குத்திப் பார்ப்பது தெர்மாமீட்டரைத்தான். ஜாரிலிருந்து ஊற்றியவுடன் மைனஸ் 2, மைனஸ் 3 டிகிரி காட்டினால் பனித்துகள் போதுமான அளவு உயிரோடு இருக்கிறது. சர்க்கரையும் பால் உப்புகளும் கரைந்திருப்பதால் ஷேக் பூஜ்ஜியத்துக்குக் கீழே போயும் முழுக்க உறையாமல் இருக்கும். அதே காரணத்தால் பூஜ்ஜியத்தைத் தொட்டுவிட்டால் துகள் கிட்டத்தட்ட தீர்ந்துபோயிருக்கும்.

மத்தியானம் இரண்டு மணிக்கு மாஸ்டர் வழக்கம்போலப் போட்டுக் கொடுத்த ஷேக்கில் முள் நின்றது பிளஸ் 2 டிகிரியில்.

மாஸ்டர் போட்டது என்ன

அவரை மாற்றிச் செய்யச் சொல்லாமல், தினமும் போடுவதையே போடச் சொல்லி ஒவ்வொன்றையும் எடை மெஷின் மேல் வைத்தேன். பால் 150 மில்லி, சப்போட்டா 80 கிராம், ஐஸ்கிரீம் ஒரு ஸ்கூப், ஐஸ் கட்டி நாலு, சர்க்கரை இரண்டு பெரிய ஸ்பூன். ஸ்கூப் 60 கிராம் இருந்தது. ஐஸ் கட்டி நாலும் சேர்ந்து 60 கிராம். சர்க்கரை 20 கிராம். எல்லாம் சேர்த்து 370 கிராம்.

அடுத்து வெப்பம். பழம் கல்லாவுக்குப் பக்கத்தில் கூடையில் இருந்தது, 33 டிகிரி. பால் ஃபிரிட்ஜில் இருந்தாலும் கதவைத் திறந்து திறந்து மூடியதில் 10 டிகிரி. ஐஸ்கிரீம் மைனஸ் 10. இவையெல்லாம் நான் எதிர்பார்த்தவைதான். எதிர்பார்க்காதது மிக்ஸி ஜார். ஒவ்வொரு ஷேக்குக்குப் பிறகும் மாஸ்டர் ஜாரைக் குழாயில் கழுவுகிறார், அது சுத்தமான பழக்கம், மாற்றக்கூடாது. ஆனால் மொட்டை மாடியில் கறுப்பு டேங்க். மத்தியானம் குழாயைத் திறந்தால் கை சுடுகிறது. தெர்மாமீட்டரில் 40 டிகிரி. அந்தத் தண்ணீரில் கழுவிய கனமான எவர்சில்வர் ஜார் அதே சூட்டோடு மிக்ஸியில் ஏறுகிறது.

இப்போது கணக்கு. ஒரு கிராம் ஐஸ் உருகுவதற்கு எடுத்துக்கொள்ளும் சூடு, ஒரு கிராம் தண்ணீரை 80 டிகிரி ஏற்றப் போதுமான சூடு. இது ஒன்று தெரிந்தால் போதும், ஒவ்வொரு பொருளும் எவ்வளவு ஐஸைத் தின்கிறது என்று தோராயமாகச் சொல்லிவிடலாம்.

33 டிகிரியில் உள்ள 80 கிராம் சப்போட்டாவைப் பூஜ்ஜியத்துக்கு இறக்க 28 கிராம் ஐஸ் உருக வேண்டும். 10 டிகிரிப் பால் 17 கிராம் எடுத்துக்கொள்ளும். சூடான ஜார், அதன் உட்புறம் மட்டும் குளிர்ந்தால்கூட 20 கிராம். அப்புறம் மிக்ஸியின் கத்தி. வெறும் தண்ணீரை ஊற்றி ஒரு நிமிடம் ஓட விட்டுப் பார்த்தேன், 4 டிகிரி ஏறியது. மாஸ்டர் ஐஸ் கட்டி உடைகிற சத்தம் நிற்கும் வரை, அதாவது ஒரு நிமிடத்துக்கும் சற்று மேலே ஓட்டுகிறார். அதற்கு இன்னொரு 17 கிராம். கூட்டினால் 82.

இருப்பு எவ்வளவு? ஐஸ் கட்டியில் 60 கிராம். ஐஸ்கிரீமில் எல்லாமே பனி என்று நினைக்கக்கூடாது. அதில் பாதிக்கு மேல் தண்ணீர், மைனஸ் 10 டிகிரியில் அந்தத் தண்ணீரிலும் ஒரு பங்கு உறையாமலேதான் இருக்கும். 60 கிராம் ஸ்கூப்பில் உண்மையான பனி சுமார் 22 கிராம். ஆக இருப்பும் 82.

போட்ட பனி மொத்தமும் சூட்டை ஆற்றவே செலவாகிவிட்டது. கெட்டிக்கு என்று ஒரு கிராம்கூட மிஞ்சவில்லை. இவ்வளவு துல்லியமாக இரண்டும் ஒத்துப்போனது தற்செயல். ஒவ்வொரு எண்ணிலும் இரண்டு மூன்று கிராம் முன்னே பின்னே இருக்கும். ஆனால் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் சந்தேகமில்லை. காலையில் பழம் 26 டிகிரி, டேங்க் தண்ணீர் 27, ஃப்ரீசர் இரவு முழுக்கத் திறக்காமல் இருந்து நன்றாக உறைந்திருக்கும். அப்போது அதே அளவில் 20, 25 கிராம் பனி மிஞ்சுகிறது, ஷேக் சுமாரான கெட்டியில் வருகிறது. மத்தியானம் அந்த மிச்சம் போய்விடுகிறது. கடைக்காரர் பார்த்த வித்தியாசம் அதுதான்.

இதோடு முடியவில்லை. உருகிப்போன 60 கிராம் ஐஸ் கட்டி, ஷேக்குக்குள் 60 கிராம் பச்சைத் தண்ணீராக இருக்கிறது. 370 கிராமில் ஆறில் ஒரு பங்கு. அது பாலையும் பழத்தையும் ஒருசேர நீர்க்கச் செய்கிறது. ருசி குறைந்துவிடுவதால் மாஸ்டர் சர்க்கரையைக் கூட்டுகிறார். சர்க்கரை கரைந்தால் உறைநிலை இன்னும் கீழே போகும், மிச்சமிருக்கும் பனியும் சீக்கிரம் உருகும். ஒன்றைச் சரிசெய்யப் போட்டது மற்றதைக் கெடுக்கிறது.

பாலில் இன்னொரு சிக்கல்

கணக்குப் பார்த்து முடித்த பிறகும் ஒரு விஷயம் உறுத்தியது. காலை ஷேக்குமே கொஞ்ச நேரம் வைத்தால் பிரிந்தது. கண்ணாடிக் கிளாஸில் ஊற்றிப் பத்து நிமிடம் அசைக்காமல் வைத்தேன். மேலே இரண்டு விரல் நுரை, அடியில் பழச்சதை, நடுவில் மங்கலான தண்ணீர்.

இந்தச் சோதனையை யார் வேண்டுமானாலும் செய்யலாம். இரண்டு விதமான தண்ணீர்த்தன்மையை இது பிரித்துக் காட்டும். ஊற்றும்போதே நீர்க்க இருந்தால் பிரச்சினை சூட்டில். ஊற்றும்போது கெட்டியாகத் தெரிந்து, பத்து நிமிடத்தில் மூன்று அடுக்காகப் பிரிந்தால், அந்தக் கெட்டி வெறும் காற்று. நுரையைத் தாங்கிப் பிடிக்கும் திடப்பொருள் போதவில்லை என்று அர்த்தம்.

"எந்தப் பாலுங்க இது?" என்று கேட்டேன். டீக்குக் காய்ச்சும் பால்தான், ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைப்பதாகச் சொன்னார் மாஸ்டர். டீக்கடைப் பாலில் தண்ணீர் சேர்ப்பது எல்லாரும் அறிந்த வழக்கம், டீக்கு அது பொருந்தவும் செய்யும். இந்தக் கடையில் கால் பங்கு சேர்க்கிறார்கள். ஷேக்குக்கு அந்தப் பால் ஆகாது. 150 மில்லி என்று அளந்து ஊற்றியதில் பால் சுமார் 110தான், மீதி தண்ணீர். ஐஸ் கட்டித் தண்ணீரையும் சேர்த்தால் ஒரு கிளாஸில் 100 மில்லி வெறும் தண்ணீர் குடிக்கிறோம்.

ஷேக்குக்குத் தனிப் பால் என்று முடிவானது. ஆவினில் ஆரஞ்சு பாக்கெட், 6 சதவீதம் கொழுப்பு உள்ளது. நீல பாக்கெட்டில் 3 சதவீதம்தான், அதில் ஷேக் வரும், வாயில் அந்த நிறைவு வராது. அக்கம்பக்கத்தில் கறக்கும் எருமைப் பால் கிடைத்தால் காய்ச்சி ஆறவைத்து ஆடையோடு அடித்துக்கொள்ளலாம், ஆரஞ்சு பாக்கெட்டைவிட அது நன்றாகவே இருக்கும். பச்சையாகக் கறந்த பாலைக் காய்ச்சாமல் ஷேக்கில் ஊற்றுவது வேண்டாம்.

ஐஸ்கிரீம் பற்றியும் சொல்ல வேண்டும். டப்பாவில் 'ஐஸ்கிரீம்' என்று எழுதி விற்க வேண்டுமென்றால் பால் கொழுப்பு குறைந்தது 10 சதவீதம், மொத்தத் திடப்பொருள் 36 சதவீதம், ஒரு லிட்டர் எடை 525 கிராமுக்குக் குறையக்கூடாது என்பது நம் உணவுப் பாதுகாப்பு விதி. மற்ற வகைகளுக்கு வேறு அளவுகள் உண்டு. 'ஃப்ரோசன் டெசர்ட்' என்று போட்டிருந்தால் பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய். அதிலும் கெட்டி ஷேக் வரும், ருசி மட்டும் மாறும். கெட்டிக்கு முக்கியம் எடை. ஐஸ்கிரீமில் காற்று அடித்துத்தான் விற்கிறார்கள், ஒரே அளவு ஸ்கூப் ஒரு கம்பெனிச் சரக்கில் 60 கிராம், இன்னொன்றில் 45 கிராம் என்று நிற்கும். மிக்ஸியில் போட்டதும் அந்தக் காற்று பெரும்பாலும் வெளியேறிவிடும். அதனால் ஸ்கூப் எண்ணிக்கையில் அளவு சொல்வது எனக்கு உடன்பாடில்லை. கிராமில்தான் சொல்ல வேண்டும்.

ஐஸ் கட்டியை எடுத்தோம்

"ஐஸ் போடாம எப்படிங்ணா ஜில்லுனு இருக்கும்?" இதுதான் மாஸ்டரின் முதல் கேள்வி. நியாயமான கேள்வி. ஐஸ் கட்டி தரும் குளிர்ச்சி நமக்கு வேண்டும், உருகிய பிறகு அது விட்டுப்போகும் தண்ணீர் வேண்டாம். அப்படியானால் பனியாக இருப்பது தண்ணீராக இல்லாமல் பழமாகவோ பாலாகவோ இருக்க வேண்டும். உருகினாலும் அது ஷேக்காகத்தான் உருகும்.

பாலக்காடு இங்கிருந்து பக்கம். அந்தப் பக்கத்து ஜூஸ் கடைகளில் பால் பாக்கெட்டை அப்படியே ஃப்ரீசரில் போட்டு உறையவைத்து, தரையில் தட்டி உடைத்து மிக்ஸியில் போடுவதைக் கோயமுத்தூர், பொள்ளாச்சிக்காரர்கள் நிறையப் பேர் பார்த்திருப்பார்கள். ஷார்ஜா ஷேக்கின் கெட்டி அதிலிருந்துதான் வருகிறது. நல்ல முறை. ஒரு கவனம் மட்டும் வேண்டும். பாக்கெட் மெதுவாக உறையும்போது ஓரத்தில் தண்ணீர்ப் பகுதி முதலில் உறைந்து, கொழுப்பும் புரதமும் சர்க்கரையும் நடுவுக்குத் தள்ளப்படும். உறைந்த பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்தால் ஓரம் வெளிறியும் நடு மஞ்சளாகவும் தெரியும். ஓரத்துத் துண்டு விழுந்த ஷேக் நீர்க்கவும், நடுத்துண்டு விழுந்தது கெட்டியாகவும் வரும். முழு பாக்கெட்டையும் ஒரே தடவையில் நொறுக்கிக் கலந்துவிட்டு எடுத்தால் இந்தச் சிக்கல் இல்லை. நாலைந்து ஷேக் சேர்ந்தாற்போல் போடும் கடைக்குச் சரி. இந்தப் பேக்கரியில் ஒன்றும் இரண்டுமாகத்தான் ஆர்டர் வரும். அதனால் பாலை விட்டுவிட்டுப் பழத்தை உறையவைத்தோம்.

சப்போட்டாவுக்கு இது நன்றாகப் பொருந்தும். அதில் முக்கால் பங்கு தண்ணீர், அந்தத் தண்ணீர்தான் நமக்கு ஐஸ். காலையில் உடுமலை உழவர் சந்தையிலிருந்து வரும் பழத்தில் நன்கு கனிந்ததை மட்டும் பொறுக்க வேண்டும். தோலை நகத்தால் லேசாகச் சுரண்டினால் உள்ளே பச்சை தெரியக்கூடாது, பால் கசியக்கூடாது. காயாக இருப்பதைப் போட்டால் துவர்ப்பு பாலோடு சேர்ந்து நாக்கில் ஒட்டும், எவ்வளவு ஐஸ்கிரீம் போட்டாலும் போகாது. தோல், கொட்டை நீக்கி, சின்னத் துண்டுகளாக்கி, தட்டில் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் பரப்பி ஃப்ரீசரில் வைத்து, கல்லுப் போல ஆனதும் 40 கிராம் பொட்டலங்களாகக் கட்டி வைத்தோம். பிசைந்து மொத்தமாக உறையவைத்தால் ஒரே கட்டியாகி, மிக்ஸி கத்தி திணறும்.

ஃப்ரீசரையும் பார்க்க வேண்டியிருந்தது. கண்ணாடி மூடி போட்ட ஃப்ரீசர் கடை வாசலில், மேற்கு வெயில் படுகிற இடத்தில் இருந்தது. சுவரெல்லாம் இரண்டு விரல் தடிமனுக்கு உறைபனி. பாதி இடத்தில் வாட்டர் பாட்டில். நோம்பி, திருவிழா சமயத்தில் ஒரு பாட்டிலுக்கு ஒரு தடவை திறக்கிறார்கள். மைனஸ் 10 காட்டியதில் ஆச்சரியமில்லை. உள்ளே நகர்த்தி வைத்து, அணைத்துப் போட்டு உறைபனியைக் கரைத்து, பாட்டில்களை வேறு பெட்டிக்கு மாற்றிய பிறகு அடுத்த நாள் மத்தியானமும் மைனஸ் 16 நின்றது. கரண்டுச் செலவு கூடவில்லை என்றார் கடைக்காரர். உறைபனி போனால் மோட்டார் குறைவாகத்தான் ஓடும்.

அளவு வந்து நின்ற இடம்

300 மில்லி கிளாஸுக்கு ஆரஞ்சு பாக்கெட் பால் 110 மில்லி, ஐஸ்கிரீம் 100 கிராம், சப்போட்டா 80 கிராம் என்று தொடங்கினோம். பழம் முழுவதும் உறைந்தது. ஐஸ் கட்டி இல்லை, சர்க்கரை இல்லை. கனிந்த சப்போட்டாவிலும் ஐஸ்கிரீமிலும் உள்ள இனிப்பே போதும்.

கெட்டி அதிகமாகிவிட்டது. ஸ்ட்ரா ஏறவில்லை. குடித்துப் பார்த்த கடைக்காரர், "இது ஸ்பூன்ல எடுத்துத் திங்கிறதுங்க, ஸ்ட்ரா போட்டுக் குடுத்தா சண்டைக்கு வருவாங்க" என்றார். அப்போது பாலைக் கூட்டி இளக்க மாஸ்டர் கை நீட்டினார். நான் வேண்டாம் என்றேன். பாலைக் கூட்டினால் பழ ருசி கரைந்துவிடும், கிளாஸும் வழியும். பனி கூடிவிட்டதென்றால் பனியைத்தான் குறைக்க வேண்டும். 80 கிராம் பழத்தில் 40 உறைந்தது, 40 ஃபிரிட்ஜில் குளிர்ந்தது என்று மாற்றினோம். அளவு அப்படியே, கெட்டி மட்டும் இறங்கியது. ஸ்ட்ராவில் கொஞ்சம் பலமாக இழுத்தால் ஏறும் பதம். தெர்மாமீட்டர் மைனஸ் 2.

இந்த உறைந்தது, குளிர்ந்தது என்ற பங்குதான் நாளுக்கு நாள் மாற்றிக்கொள்ள வேண்டியது. பால், ஐஸ்கிரீம், பழம் மூன்றின் எடையையும் தொட வேண்டாம். வைகாசி கடைசியில் கணவாய்க் காற்று இறங்கி ஊர் குளிர்ந்ததும் உறைந்த பழம் 30 கிராம் போதும். சித்திரை உச்சி வெயிலில் 50 வேண்டியிருக்கும்.

போடும் வரிசையும் முக்கியம். ஜாரைக் கழுவிய பிறகு குளிர்ந்த குடிநீர் கொஞ்சம் ஊற்றிச் சுழற்றிக் கொட்டிவிட வேண்டும், அல்லது இரண்டு ஜார் வைத்துக்கொண்டு ஒன்றை எப்போதும் ஃபிரிட்ஜில் வைக்கலாம். கடையில் இரண்டாவது வழியைத்தான் எடுத்தார்கள். முதலில் பாலும் ஃபிரிட்ஜ் பழமும் போட்டு விழுதாகும் வரை அரைக்க வேண்டும், இந்தக் கட்டத்தில் எவ்வளவு நேரம் ஓடினாலும் பெரிய நஷ்டமில்லை. அடுத்து உறைந்த பழம், துண்டு நொறுங்கும் வரை மட்டும். கடைசியாக ஐஸ்கிரீம், விட்டு விட்டு ஏழெட்டு விநாடி. ஐஸ்கிரீமை முதலிலேயே போட்டு ஒரு நிமிடம் ஓட்டினால் நாம் காசு கொடுத்து வாங்கிய பனித்துகள்களைக் கத்தியே உருக்கிவிடும். மாஸ்டருக்குப் பழகக் கஷ்டமாக இருந்தது இது ஒன்றுதான். சத்தம் நிற்கும் வரை ஓட்டிப் பழகிய கை.

விலை விஷயத்தில் கடைக்காரர் தயங்கினார். ஐஸ்கிரீம் 60 கிராமிலிருந்து 100 ஆகிவிட்டது, பாலும் விலை கூடினது. கிளாஸைச் சின்னதாக்குவது என்று முடிவு செய்தார். 370 கிராம் போன இடத்தில் இப்போது 290. விலை அதே விலை. அளவு குறைந்ததென்று ஒன்றிரண்டு பேர் கேட்டார்கள், தண்ணியாக இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் இதுவே சரியான முடிவாகப் பட்டது. பெரிய கிளாஸை ஐஸ் தண்ணீரால் நிரப்புவதைவிட இது நேர்மையான வியாபாரம்.

கார்ன்ஃபிளவர் கரைத்துக் காய்ச்சி ஊற்றலாமே, கஸ்டர்ட் பவுடர் போடலாமே என்றும் பேச்சு வந்தது. சில கடைகளில் செய்கிறார்கள். கெட்டியாகும், உண்மைதான். சூட்டிலும் அந்தக் கெட்டி இறங்காது. ஆனால் தொண்டையில் இறங்கும்போது கஞ்சி குடித்த வழவழப்பு நிற்கும், சப்போட்டாவின் மணத்தையும் அமுக்கிவிடும். நான் சம்மதிக்கவில்லை. பார்சலுக்கு மட்டும் பால் பவுடர் 10 கிராம் சேர்க்கச் சொன்னேன். அதுவும் பால்தான், நடுவில் தண்ணீர் பிரிந்து நிற்பதை நன்றாகக் குறைக்கிறது. பார்சல் கப்பை முன்கூட்டியே ஃப்ரீசரில் வைத்து ஊற்றினால் 20 நிமிடம் வரை பதம் நிற்கிறது. அரை மணி நேரம் தாண்டினால் இளகும். அதற்கு மேல் கொண்டு போகிறவர்களிடம் வாங்கும்போதே சொல்லிவிடுவது நல்லது.

மற்ற பழங்களுக்கு

இந்த அளவை எல்லாப் பழத்துக்கும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. வாழைப்பழமும் பட்டர் ஃப்ரூட்டும் தானாகவே கெட்டி தருபவை. நேந்திரனோ செவ்வாழையோ போட்டால் ஐஸ்கிரீம் 70 கிராம் போதும், 100 போட்டால் திகட்டும். மாம்பழத்துக்குச் சப்போட்டா அளவே பொருந்தும், நாரை வடிகட்டிக்கொண்டால். புளிப்பு மாம்பழத்தை மட்டும் தவிர்க்கவும்.

பப்பாளியும் அன்னாசியும் வேறு வகைச் சிக்கல். இரண்டிலும் புரதத்தை வெட்டும் நொதி இருக்கிறது. பாலில் கலந்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் கசக்கும். போட்டவுடன் குடித்தால் பப்பாளி தப்பிக்கும், பார்சல் கட்டினால் தப்பாது. உறையவைத்தால் இந்த நொதி சாகாது, பலரும் சாகும் என்று நினைக்கிறார்கள். அன்னாசியைக் கொஞ்சம் சர்க்கரையோடு கொதிக்கவைத்து ஆறவைத்துத்தான் பாலில் சேர்க்க வேண்டும்.

கிர்ணிப் பழம்தான் கஷ்டமானது. வெயில் காலத்தில் எல்லாரும் கேட்பது அதுவே, ஆனால் அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். பழம் முழுவதையும் உறையவைத்து, பாலை 110 மில்லியிலிருந்து 60க்குக் குறைத்து, பால் பவுடர் 15 கிராம் சேர்த்தோம். ஊற்றும்போது கெட்டியாக வந்தது, மைனஸ் 1 டிகிரிதான் நின்றது, பதினைந்து நிமிடத்தில் இளகியது. கடையிலேயே உட்கார்ந்து குடிப்பவர்களுக்குக் கொடுக்கிறார்கள், பார்சலுக்குக் கிர்ணி இல்லை என்று பலகையில் எழுதிவிட்டார்கள்.

கரண்ட் போனால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொண்டார்கள். மூடியைத் திறக்காமல் இருந்தால் நிறைந்த ஃப்ரீசர் இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். வந்தபிறகு பழப் பொட்டலத்தை அழுத்திப் பார்க்கிறார் மாஸ்டர். நொறுங்குகிற மாதிரி இருந்தால் சரி. விரல் பதிந்தால் அதை மறுபடி உறையவைப்பதில்லை, ஃபிரிட்ஜ் பழத்தோடு சேர்த்து அன்றைக்கே தீர்த்துவிடுகிறார், அன்று சாயங்காலம் ஐஸ்கிரீம் 20 கிராம் கூடப் போகிறது.